ஸ்குவாட்டுக்குத் தட்டை ஷூவா, குதிகால் உயர்ந்த ஷூவா: வாங்கும் முன் ஒரு பலகைத் துண்டு போதும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒருவனுடன் ஏற்காட்டுக்கு பைக்கில் போயிருந்தேன். கூடப் பிறந்த தம்பி இல்லை, நண்பனின் தம்பி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். ஜிம்மில் ஸ்குவாட் போடும்போது அவனுக்குக் குதிகால் தரையில் நிற்பதில்லை. பாதி இறங்கியதும் எழும்பிவிடும். வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். பக்கத்தில் வண்டி வராத ஒரு சரிவு இருந்தது. அங்கே நின்று, மேட்டைப் பார்த்தபடி குத்தவைத்து உட்காரச் சொன்னேன். பின்பக்கமாகச் சாய்ந்து கையை ஊன்றிவிட்டான். திரும்பி நின்று பள்ளத்தைப் பார்த்து உட்காரச் சொன்னேன். குதிகால் அசையாமல், குழந்தை மாதிரி உட்கார்ந்து சிரித்தான். “என்னங்ணா, அதே கால்தானே?” என்றான்.

அதே கால்தான், மாறியது தரை மட்டும். குதிகால் உயர்ந்த லிஃப்டிங் ஷூ செய்வதும் இதையேதான். பள்ளத்தைப் பார்த்து நிற்கும் சரிவைக் காலுக்கு அடியிலேயே கட்டிக்கொடுக்கிறது. இந்த வகை ஷூக்களில் குதிகால், முன்பாதத்தைவிடப் பெரும்பாலும் 2 சென்டிமீட்டர் அளவுக்கு உயரம். குதிகாலிலிருந்து விரல்களின் அடிமேடு வரை பாதம் சுமார் 19 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவு. கோணத்தில் 6 டிகிரி. கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கும். ஆனால் கணுக்கால் இறுகிய ஒருவருக்கு அந்த 6 டிகிரியில்தான் முழு ஸ்குவாட்டும் மாட்டிக்கொண்டிருக்கும்.

இது எல்லோருக்கும் தேவையா? இல்லை. எனக்குத் தேவைப்படவில்லை, ஆனாலும் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. நீங்கள் ஸ்குவாட்டை இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால், ஷூ பற்றி முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்துவிடலாம்.

குதிகால் ஏன் எழும்புகிறது

பார் முதுகில் இருக்கும்போது, மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டால் அது பாதத்தின் நடுவில் விழ வேண்டும். முன்னால் போனால் விரல் நுனியில் நிற்பீர்கள், பின்னால் போனால் விழுவீர்கள். இறங்கும்போது இடுப்பு பின்னால் போகிறது, அதை ஈடுகட்ட முழங்கால் முன்னால் வர வேண்டும். முழங்கால் எவ்வளவு முன்னால் வரும் என்பதைக் கணுக்கால்தான் தீர்மானிக்கிறது.

கணுக்கால் போதிய அளவு மடங்கவில்லை என்றால் உடம்புக்கு மூன்று வழிகள்தான் மிச்சம். குதிகாலைத் தூக்கும், அல்லது முதுகை முன்னால் நன்றாகச் சாய்க்கும், இல்லாவிட்டால் பாதி ஆழத்திலேயே நின்றுவிடும். தொடை எலும்பு நீளமாக உள்ளவர்களுக்கு இடுப்பு இன்னும் அதிகமாகப் பின்னால் போகும் என்பதால் பிரச்சினையும் கூடும். நான் சொன்ன தம்பி ஐந்தடி பதினோரு அங்குலம். உட்கார்ந்தால் சாதாரண உயரம்தான், எழுந்தால்தான் நெடுநெடு என்று தெரிவான். கால்தான் நீளம்.

என் அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே முக்கால் மணி நேரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவார், குதிகால் இரண்டும் தரையில் அப்பியிருக்கும். தினமும் அப்படி உட்கார்ந்து பழகியவர்களுக்குக் கணுக்கால் பெரும்பாலும் ஒரு பிரச்சினையே இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட், நாற்காலி என்று வளர்ந்தவர்களுக்கும், முன்பு கால் பிசகியவர்களுக்கும்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கத் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறான் அந்தத் தம்பி. ஆனால் அது சம்மணம். சம்மணத்தில் கணுக்கால் முன்னோக்கி மடங்குவதே இல்லை.

முதல் சோதனை: சுவர்

வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு ஸ்கேலைத் தரையில் வைத்து, கால் கட்டைவிரல் நுனி சுவரிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கும்படி ஒரு பாதத்தை நேராக வையுங்கள். மற்றக் கால் பின்னால் வசதியாக இருக்கட்டும். இப்போது முன் முழங்காலை, இரண்டாவது விரலுக்கு நேராக, சுவரைத் தொடக் கொண்டுபோங்கள். குதிகால் எழும்பக் கூடாது. நாமே பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அதனால் குதிகாலுக்கு அடியில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து, கூட இருப்பவரை லேசாக இழுக்கச் சொல்லுங்கள். நோட்டு உருவிக்கொண்டு வந்தால் குதிகால் எழும்பிவிட்டது.

10-இல் தொட்டால் ஒவ்வொரு சென்டிமீட்டராகப் பின்னால் போங்கள், தொடாவிட்டால் முன்னால் வாருங்கள். குதிகால் அசையாமல் முழங்கால் தொடும் கடைசி தூரம்தான் உங்கள் அளவு. இரண்டு கால்களுக்கும் தனித்தனியாக எடுங்கள்.

10-க்கு மேல் வந்தால் கணுக்காலைக் குறை சொல்ல வேண்டாம். 7-க்குக் கீழே என்றால், பாதங்களை நெருக்கி வைத்து ஆழமாக இறங்கும் ஸ்குவாட் உங்களுக்கு இப்போதைக்குக் கஷ்டம். நடுவில் இருந்தால் அடுத்த சோதனைதான் சொல்லும். இது அனுபவக் கணக்கு, இலக்கணச் சட்டம் இல்லை. குட்டையான தொடை உள்ளவர் 7-ஐ வைத்துக்கொண்டே அருமையாக இறங்குவார்.

அளக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசி எல்லையில் எங்கே பிடிக்கிறது? பின்னால், கெண்டைக்காலிலோ குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு போன்ற பகுதியிலோ இழுத்தால், அது சதையின் இறுக்கம். வாரக்கணக்கில் நீட்டிப் பழகினால் தளரும். முன்னால், கணுக்காலின் மடிப்பில் கிள்ளுகிற மாதிரி முட்டினால் கதை வேறு. மூட்டே அங்கே இடிக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பழைய சுளுக்கு, எலும்பு முறிவு உள்ளவர்களிடம் இதைப் பார்க்கலாம். அதைச் சதையை நீட்டுகிற பயிற்சியால் சரிசெய்ய முடியாது. மேலும் அழுத்தினால் வலிதான் கூடும். வலி தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டும்.

தம்பிக்கு இடது கால் 7, வலது கால் 5. வலது காலில் முன்பக்கம் கிள்ளியது. பள்ளிக்கூடக் காலத்தில் கபடி ஆடும்போது வீங்கிய கால் என்று அப்புறம்தான் சொன்னான்.

இரண்டாவது சோதனை: பலகை

மரக்கடையில் அல்லது தெரிந்த ஆசாரியிடம் 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்று கேளுங்கள். அறுத்து மிஞ்சிய துண்டு எப்படியும் கிடக்கும். நீளம் இரண்டடி, அகலம் ஒரு சாண் இருந்தால் இரண்டு குதிகாலும் அதில் நிற்கும். லிஃப்டிங் ஷூவின் உயரத்துக்கு ஏறக்குறைய அதே அளவு. ஜிம்மில் பல பேர் சின்ன பிளேட்டுகளைக் குதிகாலுக்கு அடியில் வைக்கிறார்கள். அது வழுக்கும், ஒரு பக்கம் ஏறி இறங்கும். பலகையே மேல். பலகையிலும் வெறும் பாருக்கு மேல் எடை ஏற்றாதீர்கள், இது சோதனைக்கு மட்டும்தான்.

போனை இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். முதலில் தரையில் வெறுங்காலோடு, வெறும் பாருடன் ஐந்து முறை இறங்கி எழுங்கள். பிறகு குதிகாலைப் பலகையில் வைத்து ஐந்து முறை. பாதங்களுக்கு இடையே உள்ள தூரம், விரல்கள் திரும்பியிருக்கும் கோணம் இரண்டையும் மாற்றக் கூடாது, மாற்றினால் எதனால் வித்தியாசம் வந்தது என்றே தெரியாது.

வீடியோவில் இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே போகிறதா, முதுகு எவ்வளவு சாய்கிறது, பார் பாதத்தின் நடுவுக்கு மேலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பலகையில் ஆழம் கூடி முதுகு நிமிர்ந்தால், உங்களைத் தடுத்தது கணுக்கால்தான். உயர்ந்த ஷூ உங்களுக்குப் பயன்படும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஷூவில் காசைப் போடாதீர்கள். இறங்கும் முன் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்காதது, முழங்காலை வெளியே தள்ளாதது, அவசரமாக இறங்குவது என்று காரணம் வேறெங்கோ இருக்கிறது. சிலருக்குப் பலகையில் இன்னும் மோசமாகும், எடை விரல்களுக்கு ஓடிவிடும். அவர்களுக்குத் தட்டை ஷூதான். நான் அந்த ரகம்.

தம்பியின் வீடியோவில் தரையில் இறங்கியபோது தொடை தரைக்கு இணையாக வரவே இல்லை, அதற்குள் வலது குதிகால் எழும்பிவிட்டது. அதற்கு முன் 60 கிலோவில் நான்காவது முறையில் என்ன நடந்து வந்தது என்பதும் அப்போது புரிந்தது. குதிகால் எழும்ப, பார் முன்னால் போக, எழும்போது இடுப்பு முதலில் மேலே வந்து முதுகு பின்தங்கும். ஜிம்மில் ஒருவர் “முதுகுல பலம் பத்தல, டெட்லிஃப்ட் போடு” என்று சொல்லியிருந்தார். பலகையில் ஐந்து முறையும் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போனது, குதிகால் பலகையிலேயே இருந்தது. முதுகுப் பலம் ஐந்து நிமிடத்தில் கூடியிருக்காது இல்லையா?

சுவர்ச் சோதனையில் ஒரு சென்டிமீட்டர் என்பது தோராயமாக மூன்றரை டிகிரி. ஆக 6 டிகிரி ஷூ கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் கடன் கொடுக்கிறது. தம்பியின் வலது காலின் 5 என்பது 7 மாதிரி நடந்துகொள்ளும். இடது காலின் 7 என்பது 9 மாதிரி. ஷூ அவனை என் அம்மாவாக ஆக்கிவிடாது. தடை விலகும் அளவுக்கு மட்டும் வரும். இரண்டு காலுக்கும் இடையே உள்ள வித்தியாசமும் அப்படியே இருக்கும். அதனால் அவன் ஸ்குவாட்டைப் பின்னாலிருந்தும் வீடியோ எடுக்கச் சொன்னேன். அடியில் இடுப்பு இடதுபக்கம் நகர்கிறதா என்று பார்க்க அதுதான் வழி.

தட்டை யாருக்கு

இப்போது என் கதை. எனக்குச் சுவர் அளவு 12. பாரை லோ பாராக, அதாவது தோளின் உச்சியில் இல்லாமல் கொஞ்சம் கீழே, பின்தோள் சதையின் மேல் வைத்து, பாதங்களை அகட்டி வைத்துப் போடுகிறேன். இந்த முறையில் இடுப்பு நன்றாகப் பின்னால் போகும், முதுகு வேண்டுமென்றே சாயும், முழங்கால் அதிகம் முன்னால் வராது. கணுக்காலுக்கு வேலை குறைவு. அப்படிப்பட்டவன், வீடியோக்களில் எல்லோரும் மாட்டியிருக்கிறார்கள் என்று லிஃப்டிங் ஷூ வாங்கினேன். முழங்கால் முன்னால் தள்ளப்பட்டது, எடை தொடையின் முன்பக்கத்துக்குப் போனது, மூன்றாவது வாரத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. ஷூ கெட்ட ஷூ இல்லை. என் ஸ்குவாட்டுக்கு அது எதிரி.

ஆகவே லோ பார், அகன்ற நிலை, சுவரில் 10-க்கு மேல், முன் முழங்காலில் ஏற்கெனவே வலி: இவர்களுக்குத் தட்டைதான். டெட்லிஃப்டுக்கு எல்லோருக்குமே தட்டை. அங்கே குதிகால் உயர்ந்தால் உடம்பு முன்னால் தள்ளப்படும், நீங்கள் உயர்ந்த அளவுக்குப் பாரையும் கூடுதலாகத் தூக்க வேண்டும்.

தட்டை என்றால் விலை அதிகமான ஒன்றைத் தேட வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூவே போதும், சில நூறு ரூபாய்தான். கடையில் குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கக் கூடாது. உள்ளே தனியாகப் பஞ்சு மாதிரி இன்சோல் இருந்தால் எடுத்துவிடலாம். ஜிம்மில் அனுமதித்தால் வெறுங்காலும் சரிதான். சேலத்தில் மாடிமேல் இருக்கும் சின்ன ஜிம்கள் பலவற்றில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

போடக் கூடாதது ரன்னிங் ஷூ. அதிலும் குதிகால் உயரம்தானே என்று கேட்பார்கள். உயரம்தான், ஆனால் அது மெத்தை. வெறும் பாரில் ஒரு உயரம், 80 கிலோவில் ஒரு உயரம். இடது பக்கம் கொஞ்சம் அதிகம் அமுங்கினால் முழங்கால் உள்ளே சாயும். லிஃப்டிங் ஷூவின் குதிகால் மரத்தாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ ஆனது, எவ்வளவு எடை வைத்தாலும் அமுங்காது. அதனால்தான் அது ஸ்குவாட்டுக்கு ஏற்றது.

உயர்ந்தது யாருக்கு, எப்படிப் பழகுவது

பலகையில் தேறியவர்கள், நெடுங்காலர்கள், பாரைத் தோளின் உச்சியில் வைத்து நிமிர்ந்து இறங்க விரும்புகிறவர்கள், பாரை முன்தோளில் வைத்து ஃப்ரண்ட் ஸ்குவாட் போடுகிறவர்கள். ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் பழகுகிறவர்களுக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம். காமன்வெல்த் போட்டிகளின் பளுதூக்குதலில் 2014-லும் 2018-லும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் போன்றவர்களின் விளையாட்டு அது. ஸ்னாட்சில் தலைக்கு மேலே பாரைப் பிடித்தபடி அடிமட்டம் வரை உட்கார வேண்டும். முதுகு சாய்ந்தால் பார் முன்னால் விழுந்துவிடும்.

வாங்கும்போது உங்கள் வழக்கமான அளவை நம்பாமல், போட்டுப் பார்த்து வாங்குங்கள், அல்லது மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும் இடத்தில் வாங்குங்கள். குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. விரல்கள் விரிய இடம் வேண்டும், ஆனால் நடக்கும் ஷூவுக்கு விடுகிற மாதிரி முன்னால் ஒரு விரல் அளவு இடம் வேண்டாம். நடுப்பாதத்தின் மேல் வரும் பட்டையை இறுக்கினால் பாதம் உள்ளே பக்கவாட்டில் நகராமல் நிற்க வேண்டும்.

முதல் நாளே பழைய எடையை ஏற்றாதீர்கள். முழங்காலுக்கு இப்போது கூடுதல் வேலை. தம்பியை 60-லிருந்து 40-க்கு இறக்கினேன், ஐந்து முறை வீதம் மூன்று செட், வாரம் இரண்டு நாள். ஒவ்வொரு வாரமும் 5 கிலோ மட்டும் கூட்டினோம். முகம் சுளித்தான், “இதுக்கா ஷூ வாங்குனேன்?” என்றான். ஐந்தாவது வாரம் அதே 60-க்கு வந்தபோது ஐந்து முறையும் குதிகால் தரையிலேயே இருந்தது. முதல் இரண்டு வாரம் எல்லோரும் செய்யும் தப்பையும் செய்தான். குதிகால் உயர்ந்துவிட்டதே என்று எடையை விரல்களில் போட்டான். அப்போது விரல்களை ஷூவுக்குள் லேசாகத் தூக்கச் சொன்னேன். தூக்க முடிந்தால் எடை நடுப்பாதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தால் ஒரு வாரம் எடையைக் குறையுங்கள். அப்படியும் போகாவிட்டால் தட்டைக்கே திரும்புங்கள்.

ஷூவைச் சாலையில் போட்டு நடக்காதீர்கள். பையில் கொண்டுபோய், ரேக்குக்குப் பக்கத்தில் மாட்டி, ஸ்குவாட் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

கணுக்கால் பயிற்சியையும் நிறுத்த வேண்டாம். சுவர்ச் சோதனையையே பயிற்சியாகச் செய்யலாம். உங்கள் எல்லைத் தூரத்தில் பாதத்தை வைத்து, முழங்காலை மெதுவாகச் சுவருக்குக் கொண்டுபோய் மூன்று நொடி நிறுத்தித் திரும்புவது, காலுக்குப் பத்து முறை, ஜிம் நாட்களில். ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

தம்பிக்கு அளந்தோம். இடது கால் 7-லிருந்து 9 ஆகியிருந்தது. வலது கால் ஐந்தரை, அதே இடத்தில் அதே கிள்ளல். அந்தக் காலில் பயிற்சியை நிறுத்திவிட்டோம். ஸ்குவாட் நாளில் ஷூ மாட்டுகிறான், டெட்லிஃப்ட் நாளில் சாக்ஸோடு நிற்கிறான். பலகைத் துண்டு இப்போது ஜிம் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. புதிதாக யாராவது வந்து ஷூ பற்றிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறோம்.